முகத்துக்கு ஒரு வெளிச்சம், சுவருக்கு ஒரு வெளிச்சம்: கல்யாண மண்டபப் படங்களின் நிறத்தைச் சரிசெய்வது

ஒரு சாதாரணக் கல்யாண மண்டபத்தில் எத்தனை வகை வெளிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கூடத்துச் சுவர்களில் ட்யூப் லைட். மேடைக்கு மேலே அலங்காரக்காரர் கட்டிய மஞ்சள் ஃபோகஸ் லைட். மேடையின் இரண்டு ஓரத்திலும் ஊதா, நீலம் என்று மாறிக்கொண்டே இருக்கும் எல்இடி பார் லைட். எதிரே வீடியோக்காரரின் வெள்ளை எல்இடி. இத்தனைக்கும் நடுவில் நம் ஃபிளாஷ்.

ஃபிளாஷும் வீடியோ லைட்டும் ஏறக்குறைய 5500 கெல்வின், பகல் வெளிச்சம் மாதிரி. மஞ்சள் ஃபோகஸ் 3000 பக்கம். ட்யூப் லைட் 6500 வரை போகும். அது நீலம் மட்டும் இல்லை, கூடவே கொஞ்சம் பச்சையும் கலந்திருக்கும். லைட்ரூமின் Basic பகுதியில் வெள்ளைச் சமநிலைக்கு Temp, Tint என்று இரண்டே ஸ்லைடர்தான், அதுவும் படம் முழுவதற்கும் சேர்த்து. ஆகவே ஏதாவது ஒரு வெளிச்சத்தைத்தான் அவை சரிசெய்யும், மற்றவை தள்ளித்தான் நிற்கும். அந்த ஒன்று, முகத்தில் விழும் வெளிச்சமாக இருக்க வேண்டும். பின்சுவர் கொஞ்சம் பச்சையாக இருந்தால் யாருக்கும் உறுத்தாது. மாப்பிள்ளையின் கன்னம் பச்சையாக இருந்தால் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள்.

கீழே சொல்வது லைட்ரூம் கிளாசிக்கை வைத்து. வேறு மென்பொருளிலும் இதே வரிசை பொருந்தும். படங்கள் ரா கோப்புகளாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். ஜேபெக்கில் Temp ஸ்லைடர் கெல்வினே காட்டாது. கேமரா ஏற்கெனவே ஒரு நிறத்தை முடிவுசெய்து மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டதால், பச்சை படிந்த தோலை ஓரளவுக்குத்தான் மீட்க முடியும்.

முதலில் வெளிச்சப்படி பிரியுங்கள்

பெரும்பாலோர் சடங்குப்படி பிரிப்பார்கள்: மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு. ஆல்பம் அடுக்குவதற்கு அது சரி. நிறத்துக்கு அது உதவாது. முகூர்த்தத்துக்குள்ளேயே ஃபிளாஷ் அடித்த படம், அடிக்காமல் டெலி லென்ஸில் எடுத்த படம், வீடியோ லைட் அணைந்திருந்தபோது எடுத்த படம் எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்றில் சரிசெய்ததை மற்றதற்கு நகலெடுத்தால் பாதி கெட்டுப்போகும்.

அதனால் முதல் சுற்றில் எந்த ஸ்லைடரையும் தொடாமல், முகத்தில் எந்த வெளிச்சம் விழுகிறது என்று மட்டும் பார்த்து வண்ணக் குறி போடுங்கள். லைட்ரூமில் 6, 7, 8, 9 விசைகள் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலக் குறிகள். ஃபிளாஷ் அல்லது வீடியோ லைட் முகத்தில் இருந்தால் சிவப்பு. மேடை மஞ்சள் லைட் மட்டும் என்றால் மஞ்சள். ட்யூப் லைட் மட்டும் என்றால் பச்சை. பந்தி, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் வரும். பார் லைட் முகத்திலேயே விழுந்திருந்தால் நீலம். இந்த நீலக் குவியலைக் கடைசிக்கு ஒதுக்குங்கள், அதற்கு வைத்தியமே வேறு.

பழைய சோக் வைத்த ட்யூப் லைட் மண்டபம் என்றால் பச்சைக் குவியலில் ஒரு சிக்கல் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் ஒரு முழுச் சுற்றாவது பதிவாகும், நிறம் நிலையாக இருக்கும். 1/250 வைத்துத் தொடர்ச்சியாகச் சுட்டிருந்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கி மஞ்சளாகவும் வரும். சில படங்களில் குறுக்கே பட்டையும் தெரியும். இந்த மாதிரி வரிசையில் ஒன்றைத் திருத்தி மற்றவற்றுக்கு ஒட்ட முடியாது, ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும். ஒரே காட்சியில் பத்துப் படம் இருந்தால் நல்ல இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

குவியலுக்கு ஒரு மாதிரிப் படம்

ஒவ்வொரு குவியலிலும் முகம் தெளிவாக, பெரிதாக, முன்பக்கமாக இருக்கும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை முழுதாகச் சரிசெய்த பிறகுதான் மற்றவை.

முதலில் வெளிச்ச அளவு, அப்புறம்தான் நிறம். இருட்டான படத்தில் நிறத்தைக் கணிக்கவே முடியாது. Exposure ஸ்லைடரை முகம் சரியாகத் தெரியும் வரை நகர்த்துங்கள், வேட்டியும் ஜரிகையும் வெளிறினாலும் பரவாயில்லை. பிறகு Highlights குறைத்து அவற்றை மீட்கலாம். J விசையை அழுத்தினால் விவரம் போன இடங்கள் சிவப்பாகத் தெரியும். வேட்டி மடிப்பில் சிவப்பு இருந்தால் Highlights இன்னும் குறைய வேண்டும். ஃபோகஸ் லைட்டின் பல்பே சிவப்பாகத் தெரிந்தால் அதை விட்டுவிடலாம், பல்பில் யாருக்கும் விவரம் தேவையில்லை.

முகத்தை எவ்வளவு வெளிச்சமாக்குவது? உண்மையில் இருந்த நிறத்துக்கு மேலே போகாதீர்கள். மாநிறப் பெண்ணை வெளுப்பாக்கிக் கொடுப்பது ஸ்டுடியோக்களில் நெடுநாள் பழக்கம். அது அந்த ஒரு படத்தில் அழகாகத் தெரிந்தாலும், ஆல்பத்தின் அடுத்த பக்கத்தில் அதே பெண் வேறு ஆளாகத் தெரிவார்.

இனி வெள்ளைச் சமநிலை. W விசையை அழுத்தினால் துளிமருந்துக் குழாய் போன்ற ஒரு குறி வரும். படத்தில் நிறமற்ற சாம்பலோ வெள்ளையோ இருக்கும் இடத்தில் அதைச் சொடுக்க வேண்டும். வேட்டியில் சொடுக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் வேட்டியை நம்ப முடியாது. நீலம் போட்டுத் துவைத்த துணி நீலம் காட்டும். பளிச்சிடுவதற்காகத் துணியில் சேர்க்கும் வெளுப்பூட்டிகள், ஃபிளாஷில் இருக்கும் கொஞ்ச நஞ்சப் புற ஊதாக் கதிரையும் வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். அந்த நீலத்தை லைட்ரூம் சரிசெய்யப் போய் முகம் மஞ்சளாகிவிடும். பட்டு வேட்டி என்றால் அது இயல்பிலேயே சந்தன நிறம். வெள்ளித் தட்டும் வேண்டாம், எதிரில் இருக்கும் எல்லா நிறத்தையும் அது பிரதிபலிக்கும்.

நம் கல்யாணங்களில் கிடைக்கும் நல்ல அளவுகோல் நெற்றியில் பூசிய விபூதி. அது கிட்டத்தட்ட நிறமற்ற சாம்பல், முகத்தின் மேலேயே இருக்கிறது, முகத்தில் விழும் அதே வெளிச்சம்தான் அதிலும் விழுகிறது. நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, விபூதி கெட்டியாகப் படிந்த இடத்தில் சொடுக்குங்கள். மெல்லியதாகப் பூசிய இடத்தில் தோல் நிறம் கலந்துவிடும். விபூதி இல்லாத கல்யாணம் என்றால் கண்ணின் வெள்ளைப் பகுதி, அல்லது முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சட்டைக் காலரின் நிழல் பக்கம். ஒரே இடத்தில் நிற்காமல் இரண்டு மூன்று இடத்தில் சொடுக்கி, எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகின்றனவா என்று பாருங்கள்.

சரியாக வந்ததா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். ஒரே நிறத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும். சுட்டியை நெற்றியின் மேல் வைத்தால், ஹிஸ்டோகிராம் வரைபடத்துக்குக் கீழே R, G, B விழுக்காடு தெரியும். நம் தோல் எந்த நிறமாக இருந்தாலும் R அதிகம், அடுத்து G, அடுத்து B. மாநிறத்தில் உதாரணமாக 64, 48, 37 என்பது இயல்பு. கருநிறத்தில் மூன்றும் குறையும், ஆனால் வரிசை மாறாது. G மேலே ஏறி R-ஐ நெருங்கினால் பச்சை படிந்திருக்கிறது, Tint-ஐக் கூட்டுங்கள். B மேலே ஏறி G-ஐத் தொட்டால் நீலமோ ஊதாவோ கலந்திருக்கிறது.

மணப்பெண்ணின் முகத்தை இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. ஒப்பனைப் பூச்சுக்கு அடியில் இருக்கும் தோல் கேமராவுக்குத் தெரியாது. முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக இருப்பது அநேகமாகப் பூச்சின் வேலை, வெளிச்சத்தின் தவறு இல்லை. மாப்பிள்ளையின் நெற்றி, அல்லது பெண்ணின் மருதாணி இல்லாத மேல்கை, இவற்றில் அளந்து பாருங்கள்.

மற்ற படங்களுக்குக் கொண்டுபோவது

மாதிரிப் படம் முடிந்ததும், அதே குவியலின் மற்ற படங்களைச் சேர்த்துத் தேர்வு செய்து Sync கொடுக்கலாம். அந்தப் பெட்டியில் வெள்ளைச் சமநிலை, Profile, Highlights, Shadows மட்டும் டிக் செய்யுங்கள். Exposure வேண்டாம். கேமராவின் ஃபிளாஷ் தானியங்கியில் இருந்திருந்தால், சட்டத்துக்குள் வெள்ளை வேட்டிகள் கூடும்போது படம் இருட்டாகியிருக்கும், அரக்குப் புடவைகள் கூடும்போது வெளிறியிருக்கும். ஒரே எண் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

இந்த இடத்தில் Settings பட்டியலில் இருக்கும் Match Total Exposures-ஐப் பலர் நம்பி ஏமாறுகிறார்கள். அது படத்தைப் பார்ப்பதில்லை. ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர், ஷட்டர் எண்களை மட்டும் படித்து அவற்றின் வேறுபாட்டை ஈடுகட்டுகிறது. மண்டபத்தின் நிலையான வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படங்களுக்கு நன்றாக வேலை செய்யும். தானியங்கி ஃபிளாஷ் படங்களில் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷின் அளவு மாறியிருக்கும், அது இந்தக் கணக்கில் வராது.

ஃபிளாஷ் குவியலுக்கு Reference View வசதியானது. Shift+R அழுத்தினால் இடது பக்கம் மாதிரிப் படம் நிற்கும், வலது பக்கம் திருத்தும் படம் வரும். ஒரே ஆளின் நெற்றியை இரண்டிலும் பார்த்து Exposure-ஐ மட்டும் நகர்த்துங்கள். வரவேற்பில் வரிசையாக வந்து நிற்கும் குடும்பப் படங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் இடம் மாறாமல் நிற்பதால் அவர்கள் முகமே அளவுகோல். ஒரு படத்துக்குச் சில நொடிதான் ஆகும்.

ஒரு தாலிகட்டுப் படம், முழுதாக

இனி கலப்பு வெளிச்சம். மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டும் படம். முன்பக்கம் வீடியோ லைட். மேலே மஞ்சள் ஃபோகஸ், இருவரின் தலைமுடியிலும் தோளிலும் விழுகிறது. இடது பக்கம் அட்சதையோடு நிற்கும் உறவினர்கள் முழுக்க ட்யூப் லைட்டில். கேமரா தானாகத் தேர்ந்தெடுத்தது Temp 4350, Tint +4. முகம் சோகை பிடித்தது போலவும் அரக்குப் புடவை பழுப்பாகவும் தெரிகிறது.

முதலில் Exposure +0.50, Highlights −60. மாப்பிள்ளையின் விபூதியில் சொடுக்கினால் 5150, +13 வருகிறது. நெற்றியில் B கொஞ்சம் அதிகம் என்பதால் 5300 வரை கூட்டுகிறோம். இப்போது முகங்களும் புடவையும் சரி. ஆனால் தோள்கள் இன்னும் மஞ்சளாகி, உறவினர்களின் பச்சை பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிட்டது. இது எதிர்பார்த்ததுதான்.

உறவினர்களுக்கு ஒரு மாஸ்க். இடது ஓரத்திலிருந்து Linear Gradient இழுத்து, அதிலிருந்து Subtract மூலம் மணமக்களைக் கழித்துவிடுங்கள். உள்ளே Tint +20, Temp +6, Exposure +0.35. மாஸ்க்கின் உள்ளே Temp கெல்வினில் இருக்காது, −100 முதல் +100 வரை ஓடும் தனி அளவு. உறவினர் ஒருவரின் நெற்றியில் சுட்டியை வைத்து R, G, B வரிசை சரியானதா என்று பாருங்கள்.

தோளுக்கும் தலைமுடிக்கும் இரண்டாவது மாஸ்க். Brush-ஆல் தாராளமாக வரைந்து, பிறகு Intersect கொடுத்து Luminance Range-ஐச் சேர்த்தால் வெளிச்சமான பகுதியில் மட்டும் மாஸ்க் நிற்கும், கறுப்பு முடி நீலமாகாது. உள்ளே Temp −22, Saturation −12, Highlights −30. மாலையில் இருக்கும் மல்லிகை இந்த மாஸ்க்குக்குள் வந்து சாம்பலாகத் தெரிந்தால் அங்கே அழித்துவிடுங்கள்.

பெண்ணின் இடது கன்னத்தில் மெல்லிய பச்சை மிச்சம் இருக்கும். சிறிய, ஓரம் மென்மையான Brush, Flow 30 வைத்து, Tint +10 போதும்.

இவ்வளவும் செய்த பிறகு படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். எல்லா வெளிச்சமும் ஒரே நிறமாகிவிட்டால், மணமக்களை வெட்டி ஒட்டியது போலத் தெரியும். ஒவ்வொரு மாஸ்க்குக்கும் Amount என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. உறவினர் மாஸ்க்கையும் தோள் மாஸ்க்கையும் எழுபது பக்கம் குறைத்தால் தோளில் கொஞ்சம் மஞ்சள் மிஞ்சும், மேலே விளக்கு எரிந்தது தெரியும். இயற்கையான நிறம் என்பது பெரும்பாலும் இந்த மிச்சத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பார் லைட் முகத்தில் விழுந்திருந்தால்

இது மற்றவற்றைப் போல இல்லை. ட்யூப் லைட்டில் எல்லா நிறமும் கூடக் குறைய இருக்கும், அதனால் சமப்படுத்த முடியும். நீல எல்இடியில் நீலம் மட்டும்தான். சிவப்பு ஒளியே விழாத கன்னத்தில் சிவப்புத் தகவல் இல்லை. இல்லாததை எந்த ஸ்லைடரும் கொண்டு வராது.

மீட்க முடியுமா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளலாம். படத்தைப் போட்டோஷாப்பில் திறந்து Ctrl+3, Ctrl+4, Ctrl+5 அழுத்தினால் சிவப்பு, பச்சை, நீல அலைவரிசைகள் தனித்தனியே கறுப்பு வெள்ளையாகத் தெரியும். Ctrl+2 அழுத்தினால் வண்ணத்துக்குத் திரும்பும். சிவப்பிலும் பச்சையிலும் கண், மூக்கு, கன்னத்தின் வடிவம் தெரிந்தால் வழி இருக்கிறது. பச்சையில் முகம் வெறும் கறுப்பாகவும் புள்ளி புள்ளியாகவும் இருந்தால் அந்தப் படத்தை வண்ணத்தில் காப்பாற்ற முடியாது. நல்ல தருணமாக இருந்தால் கறுப்பு வெள்ளையாக்குங்கள், எந்த அலைவரிசை தெளிவாக இருக்கிறதோ அதை வைத்து. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கன்னத்தின் ஓரத்தில் மட்டும் ஊதா விழுந்திருந்தால் கதை வேறு. முதலில் Calibration பகுதியில் Blue Primary-யின் Saturation-ஐ −20 அல்லது −25 வரை இறக்குங்கள். தட்டையாகத் தீட்டியது போல் இருக்கும் ஊதாத் திட்டுக்குள் கொஞ்சம் விவரம் திரும்பும். இது படம் முழுவதையும் தொடுவதால் தோலைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். பிறகு போட்டோஷாப்பில் புதிய அடுக்கு ஒன்றைப் போட்டு, அதன் கலப்பு முறையை Color என்று மாற்றுங்கள். நல்ல வெளிச்சம் விழுந்த நெற்றியிலிருந்து நிறத்தை எடுத்து, Opacity 15 அல்லது 20 வைத்த தூரிகையால் ஊதாத் திட்டின் மேல் மெதுவாகத் தடவுங்கள். Color முறையில் வெளிச்சமும் நிழலும் மாறாது, நிறம் மட்டும் மாறும். முடி, காதோரம், ஜிமிக்கி வரை ஊதா இருந்தால் அங்கே தொடாதீர்கள். அது மேடை விளக்கு என்று பார்ப்பவருக்கே புரியும்.

நகையும் புடவையும்

தங்கமும் நம் தோலும் லைட்ரூமில் ஒரே ஆரஞ்சு, மஞ்சள் பகுதியில் வருகின்றன. முகம் அதிக ஆரஞ்சு என்று Color Mixer-இல் Orange-இன் Saturation-ஐக் குறைத்தால் ஆரம் பித்தளை மாதிரி ஆகிவிடும். தாலியின் மஞ்சள் கயிறும் வெளுத்துவிடும். தோலைக் குறைக்க வேண்டுமானால் Select People மூலம் முகத் தோலை மட்டும் மாஸ்க் செய்து அதற்குள் குறைக்கலாம். தங்கம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரிந்தால், நகையைத் திருத்துவதற்கு முன் Tint போதுமா என்று திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

அரக்கு, குங்குமச் சிவப்புப் பட்டில் சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழியும். வரைபடம் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் புடவையின் கொசுவம் தெரியாமல் ஒரே சிவப்புப் பரப்பாக இருக்கும். Color Mixer-இல் Red-இன் Luminance −15, Saturation −10 என்று இறக்கினால் நெசவு திரும்பத் தெரியும். உதடும் குங்குமமும் மங்குகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

புடவையின் சரியான நிறம் எது என்று மண்டப வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. காலையில் பெண் அலங்காரம் செய்யும்போது புடவையைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், அதையே Reference View-வில் பக்கத்தில் நிறுத்தலாம். மயில் கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள் மாதிரிப் புடவைகளுக்கு இது இல்லாமல் முடியாது. கடையில் இரண்டு மணி நேரம் நின்று எடுத்த நிறத்தை அந்த வீட்டுப் பெண்கள் மறக்க மாட்டார்கள்.

லேபுக்கு அனுப்புவதற்கு முன்

திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்துத் திருத்திவிட்டு, ஆல்பம் இருட்டாக வந்தது என்று லேபைக் குறை சொல்வது நடக்கிறது. அச்சுக்குத் திருத்தும் திரை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 முதல் 120 கேண்டெலா வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அளக்கும் கருவி இல்லாவிட்டால், திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அறை விளக்கின் கீழே வைத்த வெள்ளைத் தாளோடு ஒப்பிட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை குறையுங்கள். திரைக்குப் பின்னால் பச்சை ட்யூப் லைட் எரிந்தால் அதையும் அணையுங்கள், உங்கள் கண் அதற்கு ஏற்பச் சிவப்பைக் கூட்டிக் காட்டும்.

லேப் வேறு ஒன்றைக் கேட்காவிட்டால் sRGB-யில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். ஆல்பம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் நான்கு குவியலிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்து 4×6 அளவில் அச்சடித்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குங்கள். ஒரே மாப்பிள்ளை நான்கிலும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். எந்தப் படத்தில் அவர் மாறித் தெரிகிறாரோ, அந்தக் குவியலின் மாதிரிப் படத்துக்கு மட்டும் திரும்பிப் போய் Temp, Tint-ஐத் திருத்தி மறுபடி Sync கொடுங்கள். மாஸ்க்குகள் அப்படியே இருக்கும், அவற்றை மீண்டும் வரைய வேண்டியதில்லை.